நேர்காணல் டிரான்ஸ்கிரிப்ட்டிலிருந்து கருப்பொருள் வரை: எம்.எஸ்சி நர்சிங் ஆய்வு செய்பவர்களுக்கு

எம்.எஸ்சி நர்சிங்கில் பெரும்பாலோர் எடுப்பது எண் சார்ந்த ஆய்வுதான். முன்சோதனை, பின்சோதனை, நடுவில் ஒரு கற்பித்தல் நிகழ்ச்சி, கடைசியில் ஒரு பி வேல்யூ. அதனால் யாராவது துணிந்து நேர்காணல் ஆய்வு எடுத்தால், கையில் பத்து டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வியே வருகிறது. பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. சில சமயம் கைடுக்கும் தெரியாது.

முழு முறையையும் பாடம்போலச் சொல்லாமல், ஒரே ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்து, ஒரு பத்திப் பேச்சு எப்படிக் கருப்பொருளாக மாறுகிறது என்று காட்டுகிறேன். ஆய்வுக் கேள்வி இது: பக்கவாதம் வந்து ரைல்ஸ் டியூப் வைத்த நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மாதத்தில், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் அந்தப் பொறுப்பை எப்படி உணர்கிறார்கள்? பங்கேற்பாளர்கள் பத்துப் பேர். கீழே வரும் பேச்சுகள் எல்லாம் பயிற்சிக்காக நானே எழுதியவை. உண்மையான யாருடைய நேர்காணலும் அல்ல.

முதலில் எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

பேச்சிலிருந்து கருப்பொருள் உருவாக்கும் பகுப்பாய்வுக்குத் தீமேட்டிக் அனாலிசிஸ் என்று பெயர். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. குறியீடு என்பது பேச்சின் ஒரு துண்டு என்ன சொல்கிறது என்று சுருக்கமாக வைக்கும் பெயர். ஒரு வகையில் குறியீட்டுப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுவார்கள். நம் உதாரணத்தில் நான் பின்பற்றுவது வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் ஆறு கட்டங்களாக எழுதிக் கொடுத்த முறை. பின்னாளில் அவர்களே இதற்கு ரிஃப்ளெக்சிவ் தீமேட்டிக் அனாலிசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதில் ஆய்வாளரின் பார்வையும் அனுபவமும் கருவியின் ஒரு பகுதி. இரண்டு பேர் ஒரே மாதிரி குறியிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஆய்வேட்டில் பிரவுன், கிளார்க் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த பத்தியில், இருவர் குறியிட்டது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா மதிப்பு இவ்வளவு என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அடிப்படையில் நிற்பவை. வைவாவில் விஷயம் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

டிரான்ஸ்கிரிப்டைத் தயார் செய்தல்

ஒலிப்பதிவை நீங்களே எழுதுங்கள். பழக்கமில்லாதவருக்கு ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அலுப்பான வேலைதான். ஆனால் யார் எந்த இடத்தில் தயங்கினார், எங்கே சிரித்தார் என்பது உங்கள் காதில் பதிவது அப்போதுதான். பேச்சு மொழியைத் திருத்தாதீர்கள். “கை நடுங்கிடுச்சு” என்றால் அப்படியே இருக்கட்டும். சிரிப்பு, அழுகை, நீண்ட மௌனம் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். வோர்டில் வரி எண்ணை இயக்கிவிட்டால், பிறகு எந்த மேற்கோளையும் ஒரு நிமிடத்தில் தேடிப் பிடிக்கலாம்.

பெயர், ஊர், மருத்துவமனை, டாக்டர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு P01, P02 என்று கொடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல் போட்டு இருக்க வேண்டும். சிறிய ஊரில் ஒரே ஓர் அரசு மருத்துவமனைதான் இருக்கிறது என்றால், “மூத்த மருமகள், தறி ஓட்டுபவர்” என்ற விவரமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அதையும் பொதுவாக மாற்றுங்கள்.

அப்புறம், மொழி. ஆய்வேடு ஆங்கிலத்தில் என்பதால் பத்து நேர்காணலையும் ஆங்கிலமாக்கிவிட்டுக் குறியீடு போடத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் பகுப்பாய்வது உங்கள் மொழிபெயர்ப்பை. அவர்கள் சொன்னதை அல்ல. தமிழ் டிரான்ஸ்கிரிப்டிலேயே குறியிடுங்கள். ஆய்வேட்டில் போடப்போகும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்து, இரு மொழியும் தெரிந்த இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வேலையும் பாதியாகக் குறையும்.

படிப்பதும், நர்ஸ் தொப்பியும்

ஒவ்வொரு டிரான்ஸ்கிரிப்டையும் ஒரு முறை ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். இன்னொரு முறை ஒலி இல்லாமல் படியுங்கள். இந்தக் கட்டத்தில் குறியீடு எதுவும் வேண்டாம். மனதில் படுவதை ஓரத்தில் கிறுக்கினால் போதும்.

நர்சிங் மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். P08 சொல்கிறார்: “படுத்த வாக்குலயே தான் ஊத்துவேன், எழுப்பினா வலிக்குதுங்கறாரு.” டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போகலாம் என்பது நமக்கு ஊறிப்போன விஷயம். கை தானாக “தவறான பராமரிப்பு” என்று எழுதிவிடும்.

இரண்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு ஆபத்து என்றால், நேர்காணல் முடிந்தவுடன் அங்கேயே சொல்லித் தர வேண்டும். அது நர்சாக உங்கள் கடமை. அப்படிச் செய்வேன் என்று நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஆனால் பகுப்பாய்வில் உங்கள் வேலை மதிப்பெண் போடுவது அல்ல. அவர் ஏன் அப்படிச் செய்கிறார்? விதியைவிட நோயாளியின் முகச்சுளிப்பு அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. “வலியைப் பார்த்து விதியைத் தளர்த்துவது” என்று எழுதினால் அவர் தரப்பு உள்ளே வருகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, எந்த இடத்தில் நர்ஸ் மனம் குறுக்கே வந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ரிஃப்ளெக்சிவ் டைரி என்பது இதுதான்.

குறியீடு போடுதல்

இது P04, மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்:

“டிஸ்சார்ஜ் அன்னைக்கு சிஸ்டர் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாங்க. டியூப்ல எப்படி ஊத்தறது, தலைய உசத்தி வைக்கணும், எல்லாம். தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மொத தடவ டியூப்ப கையில எடுத்தப்ப கை நடுங்கிடுச்சு (சிரிக்கிறார்). ஆஸ்பத்திரியில அவங்க செய்யறப்ப பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. ஏதாவது ஆயிடுச்சுன்னா எம் மேலதான வரும்? நாத்தனார் தினம் போன் பண்ணி அம்மா சாப்பிட்டாங்களான்னு கேப்பாங்க. நீ சாப்பிட்டியான்னு கேட்டதில்ல.”

புதிதாகச் செய்பவர் பெரும்பாலும் மூன்று குறியீடு போடுவார்: டிஸ்சார்ஜ் கல்வி, பயம், குடும்ப ஆதரவு இல்லாமை. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் டிரான்ஸ்கிரிப்டைக் கையால் மறைத்துவிட்டு இந்த மூன்றை மட்டும் படியுங்கள். P04 என்ன சொன்னார் என்று தெரிகிறதா? பயம் என்றால் எதைக் கண்டு பயம்? டிஸ்சார்ஜ் கல்வி கிடைத்ததா, கிடைக்கவில்லையா? ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட குறியீடு நூறு சேர்ந்தாலும் அதிலிருந்து கருப்பொருள் வராது.

நான் போடுவது இப்படி இருக்கும்:

- சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் கிளம்பியது
- பார்க்கும்போது எளிது, கையில் எடுத்தபோது நடுக்கம்
- ஏதாவது ஆனால் பழி தன் மேல் வரும் என்ற எண்ணம்
- விசாரிப்பு நோயாளிக்கு, பார்த்துக்கொள்பவருக்கு இல்லை

முதல் குறியீட்டைக் கவனியுங்கள். “புரியாமலே தலையாட்டியது” என்று எழுதக் கை துறுதுறுக்கும். புரியவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. புரிந்திருக்கலாம், கேட்கத் தயங்கியிருக்கலாம், வீட்டுக்குப் போகும் அவசரமாக இருக்கலாம். டேட்டாவில் இருப்பதைவிட ஒரு படி தாண்டும்போது அது உங்களுக்கே தெரிய வேண்டும். விளக்கம் சொல்லவே கூடாது என்பதில்லை. அந்த விளக்கத்தை மற்றப் பேச்சுகள் தாங்குகின்றனவா என்று பார்த்த பிறகு சொல்லலாம். அந்தச் சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். நடுக்கத்தைச் சொல்லும்போது சிரிக்கிறார் என்பது ஓரக்குறிப்பில் இருக்கட்டும்.

கருவி எதுவானாலும் சரி. எக்செலில் நான்கு நெடுவரிசை போதும்: பங்கேற்பாளர் எண், வரி எண், பேச்சு, குறியீடு. Taguette என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பத்து நேர்காணலுக்குத் தாராளமாகப் போதும். விலை கொடுத்து NVivo வாங்கினாலும் அது டேட்டாவை அடுக்கி வைக்கும், தேடித் தரும். யோசிக்க வேண்டியது நீங்கள்தான். பத்தையும் முடித்த பிறகு, இரண்டாவது சுற்று ஒன்று போங்கள், இந்த முறை P10இலிருந்து பின்னோக்கி. முதல் சுற்றில் P01இல் கண்ணுக்குப் படாத விஷயங்கள் இப்போது படும், ஏனென்றால் நடுவில் ஒன்பது பேர் பேசியதைக் கேட்டுவிட்டீர்கள்.

குறியீட்டிலிருந்து கருப்பொருள்

குறியீடுகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். திரையில் செய்வதைவிட இது எளிது, நகர்த்திக்கொண்டே இருக்கலாம். எவை சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்று பாருங்கள்.

ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணும் கோளாறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. நான்கு கருப்பொருள்: உடல் ரீதியான சவால்கள், மன ரீதியான சவால்கள், சமூகச் சவால்கள், பொருளாதாரச் சவால்கள். இவை கருப்பொருள்கள் அல்ல, டப்பாக்கள். நேர்காணல் எதுவும் எடுக்காமலேயே இந்த நான்கையும் எழுதியிருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும், டயாலிசிஸ் நோயாளிக்கும் பொருந்தும். பல நேரம் நேர்காணல் கேள்விகளே கருப்பொருள்களாகத் திரும்பி வந்திருக்கும்: கேள்வி மூன்றில் பணச் செலவு பற்றிக் கேட்டோம், கருப்பொருள் மூன்று பொருளாதாரம்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. உங்கள் கருப்பொருளை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். “மன ரீதியான சவால்கள்” என்பதை வாக்கியமாக்கினால் “மன ரீதியான சவால்கள் இருந்தன” என்றுதான் வரும். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றால், அது வெறும் தலைப்பு.

நம் டேட்டாவுக்கு வருவோம். P04இன் நடுக்கத்தோடு P07 சொன்னது சேர்கிறது: “வார்டுல ஒருத்தங்க செஞ்சா இன்னொருத்தங்க பக்கத்துல இருப்பாங்க. இங்க நானே சிஸ்டர், நானே டாக்டர்.” P02, மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்: “நோட்டுல எழுதித்தான் வெச்சிருந்தேன். ஆனா நோட்டப் பாத்துட்டு டியூப்ப பிடிக்க முடியுமா?” இவர்கள் மூவருக்கும் தகவல் கிடைத்திருக்கிறது. கையால் செய்து பார்க்கும் வாய்ப்புதான் கிடைக்கவில்லை. அதுவும் தனியாக முதல் முறை செய்ய வேண்டியிருந்தது. பழி பற்றிய குறியீடுகளும் இதே குவியலில் வந்து விழுந்தன. ஆக முதல் முயற்சி: “தனியாக விடப்பட்ட பயம்.”

சோதித்துப் பார்த்தல்

இப்போது அந்தக் குவியலில் உள்ள எல்லாப் பேச்சையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். அப்புறம் பத்து டிரான்ஸ்கிரிப்டையும் முழுதாகத் திரும்பப் படியுங்கள், இந்த முறை கருப்பொருளோடு மோதும் பேச்சைத் தேடிக்கொண்டு.

நமக்கு P06 கிடைக்கிறார். அவர் அப்பாவுக்கு முன்பு டியூப் வைத்திருந்தபோது அவர்தான் பார்த்துக்கொண்டார். “எனக்கு இது புதுசில்ல. ஊத்தறது கழுவறது எல்லாம் கை போற போக்குல நடக்கும்” என்கிறார். சரி, பயமே இல்லாத ஒருவர். ஆனால் அடுத்த பக்கத்தில் அவரே, “சளி பிடிச்சாக்கூட நான் என்னமோ பண்ணிட்டேன்ற மாதிரி பாப்பாங்க” என்கிறார்.

இவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். ஒரே குவியலில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன என்று அவர் காட்டிவிட்டார். கையின் நடுக்கம் பழக்கத்தால் போய்விடுகிறது. பழி பற்றிய எண்ணம் பழக்கத்தால் போவதில்லை. அது டியூபில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது. எனவே கருப்பொருளை இரண்டாகப் பிரிக்கிறேன்:

ஒன்று, “காதால் கேட்டது கைக்கு வரவில்லை.” இரண்டு, “வேலை ஒருவருக்கு, கேள்வி எல்லோருக்கும்.”

இரண்டாவதில் நாத்தனார் போன் பற்றிய குறியீடும் வந்து உட்காருகிறது. முன்பு அது “ஆதரவு இல்லாமை” என்ற இடத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நர்சிங்குக்கும் இந்தப் பிரிவால் பயன் இருக்கிறது. முதல் சிக்கலுக்கு, டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் நர்ஸ் பக்கத்தில் நிற்க, பார்த்துக்கொள்பவரையே டியூபில் உணவு கொடுக்க வைக்கலாம். இரண்டாவதற்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் போதாது. டிஸ்சார்ஜ் பேச்சுக்கு மற்ற உறவினர்களையும் கூப்பிட வேண்டியிருக்கும். ஒன்றாகவே விட்டிருந்தால் பரிந்துரையில் “கல்வி நிகழ்ச்சி நடத்த வேண்டும்” என்று வழக்கம்போல ஒரு வரி எழுதி முடித்திருப்போம்.

எம்.எஸ்சி ஆய்வுக்கு இரண்டு முதல் ஐந்து கருப்பொருள் என் கணக்கில் போதும். பன்னிரண்டு வந்திருந்தால் அவை இன்னும் குறியீடுகள்தான்.

வரையறை எழுதுதல்

ஒவ்வொரு கருப்பொருளுக்கும் ஐந்தாறு வரியில் ஒரு வரையறை எழுதுங்கள்: மையத்தில் என்ன இருக்கிறது, எது உள்ளே வரும், எது வராது. இரண்டாவதற்கு நான் எழுதுவது இது: “பராமரிப்பு வேலை ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது, ஆனால் அதை விசாரிக்கவும் குறை சொல்லவும் குடும்பம் முழுவதற்கும் உரிமை இருப்பதாக அவர் உணர்கிறார். பழி பற்றிய எண்ணம், தொலைபேசி விசாரிப்பு, தன் களைப்பை மறைப்பது இதில் அடங்கும். செயல்முறை தெரியாததால் வரும் தயக்கம் இதில் வராது.” அந்தக் கடைசி வரி முக்கியம். எது வராது என்று எழுத முடியவில்லை என்றால் எல்லை இன்னும் கலங்கலாக இருக்கிறது. முந்தைய கட்டத்துக்கே திரும்புங்கள்.

எழுதும்போது

மேற்கோளை வரிசையாக அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே “P04 இவ்வாறு கூறினார்” என்று போடுவது பகுப்பாய்வு அல்ல. மேற்கோளுக்குப் பின்னால் அது எதைக் காட்டுகிறது என்று உங்கள் குரலில் சொல்ல வேண்டும். P02இன் நோட்டுப் பேச்சைப் போட்டால், அதற்கடுத்து: எழுதி வைத்த அறிவு செயல்படும் நேரத்தில் பயன்படாமல் போகிறது, ஏனென்றால் இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. இப்படி. எல்லா மேற்கோளும் பேச்சுத் திறன் உள்ள ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். P07 போன்றவர்கள் ஒவ்வொரு ஆய்விலும் இருப்பார்கள், பக்கத்தை அவர்களே நிரப்பிவிடுவார்கள்.

“60 சதவீதத்தினர் கூறினர்” என்று எழுதாதீர்கள். பத்துப் பேரில் ஆறு பேர் என்பதற்கு இங்கே புள்ளியியல் மதிப்பு கிடையாது. சொல்லாதவர்கள் அதை உணரவில்லை என்றும் ஆகாது, நாம் கேட்காமல் விட்டிருக்கலாம். “கருப்பொருள்கள் வெளிப்பட்டன” என்ற வாக்கியத்தையும் தவிர்க்கலாம். அவை டேட்டாவுக்குள் தயாராக ஒளிந்திருக்கவில்லை. தரையில் சீட்டு பரப்பி நீங்கள் உருவாக்கியவை.

இதழுக்கு அனுப்பினால், நேர்காணல் ஆய்வை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2007இல் வந்த கோரெக் என்ற 32 கேள்விப் பட்டியலைக் கேட்கலாம். எத்தனை பேர் குறியிட்டார்கள், இனி புதிதாக எதுவும் வராது என்ற சாச்சுரேஷன் நிலையை டேட்டா அடைந்ததா என்றெல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று போட வேண்டியதில்லை. ஒருவரே குறியிட்டேன், இந்த முறையில் அது ஏற்கத்தக்கது என்று எழுதலாம். சாச்சுரேஷன் என்ற கருத்து ரிஃப்ளெக்சிவ் முறையோடு ஒத்துப்போவதில்லை என்று பிரவுனும் கிளார்க்கும் 2021இல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள், அதைச் சுட்டலாம். உங்கள் கைடு இரண்டாவது ஆள் குறியிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், சண்டை வேண்டாம். இரண்டு டிரான்ஸ்கிரிப்டை ஒரு தோழியிடம் கொடுத்துக் குறியிடச் சொல்லி, எங்கே வேறுபட்டீர்கள், அதனால் உங்கள் பார்வை எப்படி மாறியது என்று எழுதுங்கள். எண்ணாக மாற்றாதீர்கள்.

வைவாவுக்குப் போகும்போது குறியிட்ட டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று, எக்செல் தாள், தரையில் பரப்பிய சீட்டுகளின் படங்கள், டைரி, கருப்பொருள் பிரிவதற்கு முன்பும் பின்பும் எழுதிய வரையறைகள், எல்லாவற்றையும் தேதியோடு ஒரே கோப்புறையில் எடுத்துச் செல்லுங்கள். “இந்தக் கருப்பொருள் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால், வரையறையிலிருந்து குறியீட்டுக்கும், குறியீட்டிலிருந்து P06இன் அந்த வரிக்கும் விரலை நகர்த்திக் காட்ட முடிய வேண்டும்.